பாயின்டுக்குள் எத்தனை மீட்டர்?

கூரைக்குக் கம்பி கட்டி முடிக்கும் சமயத்தில் எலக்ட்ரீஷியன் ஒரு தாளை நீட்டுவார். "லைட், ஃபேன், பிளக் பாயின்ட் 330. ஏசி, ஹீட்டர் டபுள். டி.பி., எர்த் தனி. மெட்டீரியல் பார்ட்டி." பார்ட்டி என்றால் வீட்டுக்காரர். அதாவது ஒயர், சுவிட்ச், பைப் எல்லாம் நாம் வாங்கித் தர வேண்டும், அவருக்குக் கூலி மட்டும். வீட்டுக்காரர் இன்னொருவரையும் கேட்பார். அவர், "எல்லாம் ஒரே ரேட், பாயின்டுக்கு 350, டபுள் கிபுள் எதுவும் கிடையாது சார்" என்பார். இந்த இரண்டு ரேட்டுகளில் எது மலிவு, எது நல்லது என்பவை தனித்தனிக் கேள்விகள். விடைகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. (ரூபாய்க் கணக்கு இங்கே ஓர் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.)

பாயின்ட் என்பது கூலியை எண்ணுவதற்கு ஏற்பட்ட அலகு. ஒயரில் ஓடும் மின்சாரம் பாயின்டைப் பார்ப்பதில்லை. ஒயரின் நீளத்தையும் தடிமனையும்தான் பார்க்கிறது. எனவே எஸ்டிமேட்டைப் படிப்பது என்றால், பாயின்டில் எழுதியிருப்பதை மீட்டரிலும் சதுர மில்லிமீட்டரிலும் மாற்றிப் பார்ப்பது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு இதை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. சுவிட்ச் போர்டிலிருந்து விளக்கு அல்லது மின்விசிறி வரை போகும் பைப், ஒயர், சுவிட்ச் எல்லாம் சேர்ந்தது ஒரு பாயின்ட். டி.பி. பாக்ஸிலிருந்து அந்தச் சுவிட்ச் போர்டு வரை வரும் ஒயர் சர்க்யூட் ஒயரிங். அதைப் பாயின்டில் சேர்க்காமல் மீட்டர் கணக்கில் தனியாக அளப்பார்கள். நம் ஊர் எஸ்டிமேட்டுகளில் இந்த இரண்டாவது பகுதிக்குத் தனி வரி இருப்பது அரிது. ஆனால் வீட்டின் செம்பில் பெரும் பங்கும், பின்னால் வரும் தொல்லைகளில் பெரும் பங்கும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 12-க்கு 11 அடி படுக்கையறை, அதோடு ஒட்டிய குளியலறை. அறையில் இரண்டு விளக்கு, ஒரு நைட் லாம்ப், ஒரு மின்விசிறி. இரண்டில் ஒரு விளக்கைக் கதவருகிலும் கட்டிலருகிலும் போட்டு அணைக்க டூ வே சுவிட்ச். கதவுப் பக்க போர்டில் ஒரு பிளக், கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொரு பிளக். ஒரு ஏசி. குளியலறையில் விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், வாட்டர் ஹீட்டர்.

350 ரூபாய்க்காரர் எண்ணுவது எளிது. விளக்கு 3, டூ வேக்காகக் கூடுதலாக 1, ஃபேன் 1, பிளக் 3, ஏசி 1, குளியலறையில் 3. ஆக 12 பாயின்ட், 4,200 ரூபாய். 330 ரூபாய்க்காரரின் எண்ணிக்கை வேறு. போர்டிலேயே சுவிட்சுகளோடு சேர்ந்து உட்காரும் பிளக்குக்கு அவர் அரை பாயின்ட்தான் போடுவார். கதவருகே ஒன்று, டூ வே சுவிட்ச் இருக்கும் கட்டில் பக்கம் ஒன்று என இரண்டு அரைகள், மறுபக்கப் பிளக்குக்கு மட்டும் முழுசு. ஆக பிளக் 2. ஏசிக்கும் ஹீட்டருக்கும் இரண்டிரண்டு. டூ வேயோடு விளக்கு 4, ஃபேன் 1, குளியலறை விளக்கும் எக்ஸாஸ்டும் 2. மொத்தம் 13 பாயின்ட், 4,290 ரூபாய். ரேட் குறைவானவர் 90 ரூபாய் அதிகம் கேட்கிறார்.

ஆகவே எண்ணும் விதியைக் கேட்காமல் ரேட்டை ஒப்பிடுவதில் பொருளில்லை. போர்டு பிளக் முழுசா அரையா, ரெகுலேட்டர் தனியா, டூ வே எப்படி, காலிங் பெல், டிவி, நெட் கேபிள் கணக்கில் உண்டா என்று கேட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இதற்குப் பெரும்பாலான எலக்ட்ரீஷியன்கள் கோபித்துக்கொள்வதில்லை. கடைசிக் கணக்கில் தகராறு வருவது அவர்களுக்கும் பிடிக்காது.

ஆனாலும் இந்த அறைக்கு நான் 330 ரூபாய்க்காரரைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம் அந்த டபுள். விளக்கு பாயின்ட் பக்கத்துச் சுவிட்ச் போர்டில் தொடங்குகிறது. முறையாகச் செய்தால் ஏசி, ஹீட்டர் பாயின்டுகள் ஹாலில் இருக்கும் டி.பி.யிலேயே தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி எம்.சி.பி. நடந்து அளந்தால் டி.பி.க்கும் குளியலறைக்கும் பத்து மீட்டர் இருக்கலாம். பைப் நடக்கும் வழி அதுவல்ல. டி.பி.யிலிருந்து கூரைக்கு ஏறி, ஸ்லாபுக்குள் போய், மறுபடி சுவரில் இறங்க வேண்டும். 15 மீட்டர் ஆகிவிடும். அதில் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று ஒயர், 45 மீட்டர். நைட் லாம்புக்கு ஆகும் வேலையோடு ஒப்பிட்டால் இரட்டைக் கூலி நியாயம்தான். இதையும் ஒரே பாயின்டாக எண்ணுகிறவர் நஷ்டத்துக்குத் தயாராக இருக்கிறார், அல்லது ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏசிக்கு வந்த லைனிலிருந்தே ஹீட்டருக்கு ஒரு லூப் எடுத்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, இரண்டும் வேலை செய்யும்.

வித்தியாசம் சுவருக்குள் நடக்கிறது. கரன்ட் ஓடும் கம்பியில் பிறக்கும் வெப்பம் கரன்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-ல் எழுதினார். கரன்ட் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. நம் அறையில் அது எவ்வளவு என்று பார்ப்போம். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்டில் இழுப்பது 8.7 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். பேஸில் போய் நியூட்ரலில் திரும்பும் 30 மீட்டருக்கு 0.22 ஓம். ஹீட்டர் ஓடும்போது ஒயரில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 17 வாட், 15 மீட்டர் பைப் முழுக்கப் பரவியது. மீட்டருக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல். சுவர் அதை உணரக்கூட உணராது.

அதே ஒயரில் ஏசியும் சேர்ந்தால் கரன்ட் 17 ஆம்பியர் பக்கம் போகிறது. வெப்பம் 64 வாட். மீட்டருக்கு நான்கு வாட்டுக்கு மேல், அதுவும் சிமென்ட் பூச்சு மூடிய, காற்று புகாத பைப்புக்குள். சூடாகும் செம்பின் மின்தடையும் ஏறும். 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சாதாரண பி.வி.சி. உறைக்கு வரம்பு அந்த 70 டிகிரிதான். சரியான 2.5 ஒயர் தனியாக ஒரு பைப்பில் ஓடினால் 17 ஆம்பியரைத் தாங்கிவிடும், பொய் சொல்வானேன். ஆனால் கையிருப்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது. அதே பைப்பில் இன்னொரு லைன் சேர்ந்தாலோ, ஒயர் கொஞ்சம் குறைந்த சரக்காக இருந்தாலோ வரம்பைத் தாண்டும். உறை அன்றே உருகாது. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கிரகப்பிரவேசத்தன்று எல்லாம் நன்றாக இருந்த வீட்டில் ஏழெட்டு ஆண்டு கழித்து உறை வெடித்து உதிர்வதன் கதை இது.

நடுவில் இன்னொன்றும் நடக்கும். ஏசி ஸ்டார்ட் ஆகும்போது எம்.சி.பி. விழும். "20 ஆம்ப் தாங்கலை சார், 32 போட்டுடறேன்" என்பார் ஆள். எம்.சி.பி. இருப்பது ஏசியைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்ற. 2.5 ஒயருக்கு முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால், ஒயர் வேகும்போதும் அது பேசாமல் இருக்கும். எஸ்டிமேட் தாளில் "டி.பி. தனி" என்ற வரிக்குக் கீழே ஒவ்வொரு லைனுக்கும் என்ன ஒயர், என்ன எம்.சி.பி. என்ற ஜோடியைக் கேட்டு வாங்குவது அதனால்தான்.

இனி ஒயருக்கு வருவோம். தாளில் "1.5, 2.5, 4 எஃப்.ஆர். ஒயர்" என்று இருக்கும். வயதான ஆட்கள் இன்னும் 3/20, 7/20 என்று எழுதுவதுண்டு. 20-ஆம் நம்பர் கம்பி மூன்று, ஏழு என்று பொருள். 3/20 ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர், 7/20 நாலரைக்குச் சற்று மேல். 3/20 என்பதைக் கடையில் 1.5 ஆகவும் மாற்றித் தரலாம், 2.5 ஆகவும் தரலாம். எனவே தாளில் சதுர மில்லிமீட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். பொதுவாக வீட்டில் விளக்கு, ஃபேனுக்கு 1.5, போர்டுகளுக்கு வரும் லைனுக்கும் ஹீட்டருக்கும் 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 2.5 அல்லது 4 என்று போகும். விளக்குக்கு 1 போதும் என்பாரும் உண்டு. எல்.இ.டி. காலத்தில் அதில் தவறில்லை. அதில் மிச்சம் பிடித்து ஏசி லைனில் போடுவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்து ஒயர் அதிக கரன்ட் தாங்கும் என்று நினைப்பவர்கள் பலர். அவை செம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உறையைப் பற்றியவை. எஃப்.ஆர். என்றால் தீ ஒயரைப் பிடித்துக்கொண்டு பரவுவதைத் தடுக்கும். எல்.எஸ். சேர்ந்தால் எரியும்போது புகையும் குறையும். பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் மூச்சையும் அடைக்கும் என்பதால், தனி வீட்டைவிட வெளியேறும் வழி குறுகலான அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு மதிப்பு அதிகம்.

செம்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட கம்பியின் கன அளவு சரியாக ஒரு கன சென்டிமீட்டர். செம்பின் அடர்த்தி 8.96. எனவே அதன் எடை 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 2.5 ஒயரில் ஒரு மீட்டர் வெட்டி, உறையை முழுக்க உரித்து, நகைக்கடைத் தராசில் போட்டால் 22 கிராம் பக்கம் காட்ட வேண்டும். தரநிலை தடிமனை நேரடியாகச் சொல்லாமல் மின்தடையின் உச்சவரம்பாகச் சொல்வதால், நல்ல கம்பெனிகளும் 21 வரை இறக்கும். அது குற்றமில்லை. 17, 18 காட்டினால் அது 2.5 அல்ல, உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. செம்பு கால்வாசி குறைந்தால் மின்தடை மூன்றில் ஒரு பங்கு கூடும். மேலே பார்த்த 64 வாட் 85 ஆகிவிடும்.

எடை மிகவும் குறைந்து கம்பி மட்டும் பருமனாகத் தெரிந்தால் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தன் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல், திருகின் அடியில் நாளடைவில் தளரும் குணமும் உண்டு. சுருளின் நீளத்தையும் சோதிக்கலாம். 90 மீட்டர் 2.5 ஒயரில் செம்பு மட்டுமே 1.9 கிலோவுக்குக் குறையக் கூடாது, உறையோடு சேர்த்து ஏறக்குறைய 2.8 கிலோ வரும். ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உறையிலேயே இருக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் இருந்தால் போதாது. மெட்டீரியலோடு சேர்த்து எஸ்டிமேட் தருபவரிடம் "நல்ல கம்பெனி ஒயர்" என்ற சொல்லை ஏற்காமல் கம்பெனி, அளவு, எத்தனை சுருள் என்று எழுதி வாங்குவது இந்தச் சோதனைகளுக்குப் பிடிமானம் தரும்.

சுவிட்ச் விஷயத்தில் வீட்டுக்காரர்கள் செலவிடும் நேரமும் பணமும் எனக்கு எப்போதும் வியப்பு. ஒரே கம்பெனி மூன்று நான்கு ரகம் விற்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் தகட்டின் பளபளப்புக்கும் நிறத்துக்கும்தான். 6 ஆம்பியர் சுவிட்ச் எந்த ரகமானாலும் ஐ.எஸ். 3854-ன் அதே சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். எஸ்டிமேட்டில் "மாடுலர் சுவிட்ச்" என்று மட்டும் இருந்தால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள், தகடும் உள்பெட்டியும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். ஏனென்றால் 8, 12 மாடுல் தகடுகள் சேர்ந்தால் சுவிட்சுகளின் விலையையே எட்டிவிடும்.

கவனிக்க வேண்டியது ஆம்பியரும் திருகும். ஹீட்டருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் சுவிட்ச், சாக்கெட். 6 ஆம்பியரில் ஹீட்டரை மாட்டினால் சில நாள் ஓடும், பிறகு தகடு பழுப்பேறும். திருகு தளர்ந்தால் நடப்பது இன்னும் மோசம். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியரில் அங்கே ஏழரை வாட் பிறக்கும். 30 மீட்டர் ஒயரில் பரவிய 17 வாட்டை யாரும் உணரவில்லை. இது ஒரு மிளகு அளவு இடத்தில் ஏழரை வாட். சுவிட்ச் போர்டுகளில் கருகல் பெரும்பாலும் திருகின் அருகில் தொடங்குவதன் காரணம் இதுதான். மீன் நாற்றம்போல ஒரு வாடை போர்டிலிருந்து வந்தால் பிளாஸ்டிக் சூடேறுகிறது என்று பொருள், அந்த லைனை உடனே அணைக்க வேண்டும். இழை ஒயரின் முனையை முறுக்கி மடித்துத் திருகுக்குள் முழுசாகச் செருகுகிறாரா, இரண்டு மூன்று இழையை வெட்டிவிட்டுச் செருகுகிறாரா என்று போர்டு மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பைப்பைப் பற்றித் தாளில் எழுதுவது மிகக் குறைவு, தவறினால் திருத்தவும் முடியாது. ஒயரை இருபது ஆண்டு கழித்து உருவி மாற்றலாம். ஸ்லாபுக்குள் நசுங்கிய பைப்பை என்ன செய்வது? பி.வி.சி. பைப்பில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு. கூரைக்கம்பியோடு கட்டிய பைப்பின் மேல் கொத்தனாரும் சித்தாளும் நடப்பார்கள், வைப்ரேட்டர் இடிக்கும். அங்கே லைட் தரம் ஆகாது. மீடியமாவது வேண்டும். பூசப்போகும் சுவரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சுருள் ஃப்ளெக்ஸிபிள் பைப்பை ஸ்லாபில் போட அனுமதிக்காதீர்கள். உள்ளே வரிவரியாக இருப்பதால் ஒயர் உரசி நிற்கும்.

எந்தப் பைப்பில் எத்தனை ஒயர் என்பதற்கு நாற்பது சதவீத விதி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பைப்பின் உள்பரப்பில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் ஒயர் நிரப்பக் கூடாது. 20 மி.மீ. மீடியம் பைப்பின் உள்விட்டம் 16 மி.மீ. சொச்சம், பரப்பு 200 சதுர மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். உறையோடு 2.5 ஒயர் ஒன்று 10 சதுர மி.மீ. பிடிக்கும். கணக்குப்படி எட்டு ஒயர் போகும், ஆனால் வளைவுகள் வந்ததும் ஐந்தாறுக்கு மேல் இழுத்தால் உறை சிராயும். எனவே ஏசி லைன், ஹீட்டர் லைன் இரண்டின் ஆறு ஒயரையும் ஒரே 20 மி.மீ. பைப்பில் திணிக்கிறாரா, ஆளுக்கொரு பைப் போடுகிறாரா என்பதை ஸ்லாப் கட்டும் நாளிலேயே எண்ணிப் பார்த்துவிட முடியும். தனி லைன் தருவதாகச் சொன்னவர் சொன்னதைச் செய்கிறாரா என்பதற்கு முதல் சாட்சி இதுதான். டி.பி. வரப்போகும் சுவருக்கு மேலே எத்தனை பைப் இறங்குகிறது என்று எண்ணி, செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை பிரித்ததும் ஒவ்வொரு பைப்பிலும் இழுகம்பி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் அடைப்பு தெரிந்தால் சுவர் வழியாக மாற்றுப் பாதை கிடைக்கும்.

கடைசித் தவணைக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி டி.பி.யைத் திறந்து நிற்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கி, வீட்டில் எது எது நின்றது என்று ஒருவர் அறையறையாகப் போய்ச் சொல்ல, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கு லைன் ஒன்றுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பது நம் நாட்டு நெறிமுறையில் உள்ள பழைய வரம்பு. ஒரே எம்.சி.பி.யை இறக்கியதும் பாதி வீடு இருண்டால் அது மீறப்பட்டிருக்கிறது. அடுத்து ஹீட்டர் என்று எழுதிய எம்.சி.பி.யை மட்டும் இறக்குங்கள். படுக்கையறை ஏசியும் சேர்ந்து நின்றுவிட்டால், இரண்டு லைனுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஒன்றுதான் இழுத்திருக்கிறார். பைப் காலியாக இருந்தால் இன்னும் இரண்டாவது லைனை இழுக்கலாம், தவணையும் உங்கள் கையில்தான் இருக்கிறது.